மெண்டேலியன் ரேண்டமைசேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

ம. (ஃபிரேசர் டவுன்)

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி மருத்துவர்களுக்கான மனநலப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புகையும் மனச்சோர்வும் என்ற அத்தியாயத்தில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

புகைப்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். புகை சோர்வைத் தருகிறதா, சோர்ந்தவர் புகையை நாடுகிறாரா, இல்லை வறுமை போன்ற ஒன்று இரண்டையும் கூட்டி வருகிறதா என்று சாதாரணக் கணக்கெடுப்பை வைத்துப் பிரிக்க முடியாது. ஆளைப் பிடித்துப் புகைக்க வைத்துச் சோதிக்கவும் முடியாது. அதனால் 15ஆம் குரோமோசோமில் உள்ள rs1051730 என்ற மரபணு மாறுபாட்டைக் கையில் எடுக்கிறார்கள். புகைப்பவர்களிடம் அதன் ஒரு பிரதிக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுகிறது. அந்தப் பிரதி யாருக்குப் போய்ச் சேரும் என்பது கருவுறும்போதே முடிந்துபோன விஷயம். அதனால் பிரதி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுச் சோர்வு கூடுகிறதா என்று பார்க்கிறார்கள், அதுதான் இந்த முறை. பள்ளிப் பாடநூலில் மெண்டல், சமவாய்ப்பு இரண்டும் இருப்பதால் 'மெண்டல் சமவாய்ப்பாக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கு. (ஓசூர்)

டாக்டர், கெஞ்சிக் கேட்கிறேன், அதை மாற்றுங்கள். மனநலக் கையேட்டில் கொட்டை எழுத்தில் 'மெண்டல்' என்று இருந்து, அது என் மேசையில் கிடந்தால் நோயாளியைக் கூட்டி வருபவர்கள் அடுத்த முறை வருவார்களா?

இன்னொன்று. இந்த வகை ஆய்வில் புகைக்கும் சோர்வுக்கும் தொடர்பு இல்லை என்று வந்ததாகப் படித்தேன். அப்படியானால் சோர்வோடு வருபவரிடம் புகையை விடச் சொல்லி நச்சரிக்க வேண்டாம், அப்படித்தானே?

வை. (அல்சூர்)

மெண்டல் போகட்டும். 'ஆக்கம்' எப்படிப் பொருந்தும்? ஆகு தன்வினை, ஆக்கு பிறவினை. மருந்துச் சோதனையில் ஆய்வாளர் ஆட்களைப் பிரித்துப் போடுகிறார், அங்கே ஆக்குபவர் உண்டு. இங்கே எவரும் ஆக்கவில்லை, தானே ஆகிறது.

நம்மிடம் குடவோலை இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் எந்த உருவும் அறியாத பாலனைக் கொண்டு ஓலை எடுப்பிக்கிறார்கள். எடுப்பவனுக்கு எது யாருடையது என்று தெரியாது, கருவுக்கும் தெரியாது. அகநானூறு 77ஆம் பாட்டிலேயே குழிசி ஓலை வந்துவிடுகிறது. குடம், குடி, குடும்பம் எல்லாம் வளைவுப் பொருள் கொண்ட ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம். ஆகவே 'மரபுக் குடவோலை'. குடும்பமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

ரா. (வைட்ஃபீல்டு)

கருவிலேயே தீர்மானமாகிவிடுவதால் வருமானம், படிப்பு, சாதி எதுவும் குறுக்கே வராது. இயற்கை நடத்திக் கொடுக்கும் மருந்துச் சோதனை இது. பெயருக்கு ஏன் இத்தனை பாடு? எம்.ஆர். என்றே விடலாம்.

கு. (ஓசூர்)

எம்.ஆர். என்றால் எங்களுக்கு மாத்திரை கம்பெனிப் பையோடு வாசலில் நிற்பவர்.

ச. (மல்லேஸ்வரம்)

ரா. சொன்னதில் பாதி சரி. பிறகு வரும் சோர்வோ வருமானமோ பிறவியில் வந்த பிரதியை மாற்றாது. ஆனால் குலுக்கல் ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள்தான் நிஜமாக நடக்கிறது. இந்தப் பெயர் 1991இல் முதலில் எழுந்ததே ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது பற்றித்தான். மஜ்ஜை பொருந்தும் உடன்பிறப்பு ஒருவருக்கு வாய்ப்பதும் வாய்க்காததும் தற்செயல் என்பதே அங்கே அடிப்படை. ஊர் முழுவதையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டால் அந்த நியாயம் தளரும். நம் நாட்டில் சாதிக்குள்ளேயே மணம். ஒரு சமூகத்தில் அந்தப் பிரதியும் அதிகம், வறுமையும் அதிகம் என்றால் பிரதியே சோர்வைக் கொண்டுவந்ததுபோலத் தெரியும். புகைக்கும் அப்பாவிடமிருந்து பிரதியைப் பெற்ற பிள்ளை, அவருடைய வீட்டுச் சூழலையும் சேர்த்தே பெறுகிறது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டால் இரண்டு சிக்கலும் பெருமளவு நீங்கும், ஆனால் அதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை மிகப் பெரியது. (வை. ஐயா, குடவோலையில் பெயர் எழுதுவதற்கே நிலமும் வயதும் கல்வியும் பார்த்தார்கள். அதுவும் ஊர் முழுமைக்குமான குலுக்கல் இல்லை.)

இதைவிடப் பெரிய தொல்லை, பிரதி புகை வழியாக மட்டுமே சோர்வை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை. rs1051730 இருப்பது நிக்கோட்டின் ஏற்பி மரபணுக்களின் கூட்டத்தில். அந்த ஏற்பிகள் மூளையிலும் வேலை செய்கின்றன, நேராகவே மனநிலையைத் தொடலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒருநாளும் புகைக்காதவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். அவர்களிடமும் பிரதியோடு சோர்வு ஏறினால் நடுவில் புகை இல்லை, வேறு வழி இருக்கிறது. புகைப்பவர்களிடம் மட்டும் ஏறினால் நம்பிக்கை கூடும். 2013இல் வந்த நார்வேயின் ஹண்ட் ஆய்வும், 2014இல் பல குழுக்களைத் திரட்டிச் செய்த ஆய்வும் இப்படிப் பிரித்துத்தான் பார்த்தன. புகையின் அளவு சோர்வைத் தருகிறது என்பதற்கு இரண்டிலும் ஆதாரம் கிடைக்கவில்லை.

கு. டாக்டர், ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை விளைவு இல்லை என்று படிக்காதீர்கள். கற்பனை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பிரதிக்கு 1 சிகரெட். சோர்வின் ஆட்ஸ் விகிதம் ஒரு பிரதிக்கு 1.02, நம்பிக்கை இடைவெளி 0.98 முதல் 1.06. பார்த்தால் ஒன்றுமில்லை என்றே தோன்றும். நாளைக்கு 10 சிகரெட்டுக்கு நீட்டினால் 1.02ஐப் பத்து முறை பெருக்க வேண்டும், 1.22 வரும். இடைவெளி ஏறத்தாழ 0.82 முதல் 1.8. சோர்வு குறைகிறது என்பதும் இதற்குள் அடங்கும், கிட்டத்தட்ட இரட்டிக்கிறது என்பதும் அடங்கும். புகையை அளக்கக் கருவியாக எடுத்த இந்த மாறுபாடு இவ்வளவு மெலிந்தது என்பதுதான் செய்தி.

அதோடு, இது அளக்கிறது புகைப்பவர் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கூடவோ குறையவோ புகைப்பதன் விளைவை. உங்கள் நோயாளி இந்த மாதம் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. விட்டவர்களை நேரடியாகப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வந்த அலசலில், விட்டவர்களிடம் சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. அதனால் விடச் சொல்லுங்கள்.

கு. (ஓசூர்)

புரிந்தது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பீடி, மீதிப்பேர் வாயில் அடக்கும் புகையிலை. அவர்களுக்கு?

ச. (மல்லேஸ்வரம்)

'பிரதிக்கு ஒரு சிகரெட்' என்பது பெரும்பாலும் ஐரோப்பியரிடம் எடுத்த அளவு. அதைத் தூக்கிப் பீடிக்குப் பொருத்த முடியாது. இங்கே பிரதிக்கும் புகையிலை அளவுக்கும் உள்ள உறவை இங்கேயே அளக்க வேண்டும்.

ரா. (வைட்ஃபீல்டு)

ஆனால் 2020இல் வாழ்நாள் புகைப்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட மாறுபாடுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்ததே. அதில் சோர்வு, மனச்சிதைவு இரண்டுக்கும் விளைவு தெரிந்தது. அப்போது பழையது தப்புதானே?

ச. (மல்லேஸ்வரம்)

அவசரப்படாதீர்கள். கருவி வலுவானது, உண்மை. ஆனால் புகைக்கத் தொடங்குவதோடு சேரும் மாறுபாடுகளும் அதில் உண்டு. துணிந்து இறங்கும் குணத்தையும் தொடுபவை அவற்றில் இருக்கக்கூடும். அந்தக் குணம் தனி வழியில் சோர்வுக்கு இட்டுச்சென்றால் முன்பு சொன்ன நிபந்தனை உடைகிறது. முதல் கருவி சுத்தம், ஆனால் மெலிவு; இரண்டாவது வலு, ஆனால் கலப்பு. இடைநிலை அளவு, எக்கர் என்று பல முறையில் கணக்கிட்டு எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பார்கள். சாய்ந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை.

ம. (ஃபிரேசர் டவுன்)

நன்றி. சொல்லுக்கு வருவோம். 'ஆக்கம்' போகட்டும், மெண்டலும் போகட்டும். 'மரபுவழிச் சமவாய்ப்பு ஆய்வு' என்று வைக்கிறேன். அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.

ரா. (வைட்ஃபீல்டு)

சரி.

கு. (ஓசூர்)

சரி. ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், நாக்கு சுளுக்கவில்லை.

ச. (மல்லேஸ்வரம்)

அரை மனதோடு சரி. 'சமவாய்ப்பு' என்றதும் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே வாய்ப்பு என்று படிப்பார்கள், இங்கே அதுதான் பொய். குறைந்தபட்சம் முதல் முறை வரும் இடத்தில் 'ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள்' என்று சேருங்கள்.

வை. (அல்சூர்)

'மரபுவழி' என்றால் தமிழில் சம்பிரதாயப்படி என்றும் பொருள் வரும். மரபுவழிச் சமவாய்ப்பு என்பதைக் கோயில் முறை என்று எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். என் வாக்கு குடவோலைக்கே. எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.