புதுப்பிப்பு: வீணை வீடியோவுக்கு எழுதிய வரிகள்

"நாற்பதுக்கு மேல் வீணை கற்றேன். காரைக்குடியில் நவராத்திரிக்கு முதல் முறையாகச் சபையில் வாசிக்கிறேன். வீடியோவின் கீழே என்ன எழுதலாம்?"

இப்படி முன்பு இங்கே கேட்டிருந்தேன். வாசித்து முடித்தேன், வீடியோவும் போட்டாயிற்று.

"காரைக்குடி பாணி என்று போடுங்கள், காரைக்குடி சகோதரர்கள் இருவரும் வீணையை நிமிர்த்தி வைத்துத்தானே வாசித்தார்கள்" என்றார் ஒரு தம்பி. அதைப் படித்த வீணை ஆசிரியை ஆச்சி, "நிமிர்த்தி வாசித்தது மூத்தவர் சுப்பராமய்யர். இளையவர் சாம்பசிவய்யர் மடியில் கிடத்தித்தான் வாசித்தார். பாணி குருவழியாக வருவது, ஊரில் வாசிப்பதால் வராது அப்பச்சி" என்று எழுதினார். என் குரு அந்த வழியில் கற்றவர் இல்லை. அதனால் பாணியை விட்டுவிட்டேன்.

 

ஆச்சி சொன்ன இன்னொன்றை அப்படியே எடுத்துக்கொண்டேன்: ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் நான்கும் வேண்டும். மிருதங்கக்காரரைச் சொல்லாமல் விட்டால் அவர் உழைப்பு காணாமல் போகும். கடைசியில் எழுதியது இதுதான்:

"வீணையில் என் முதல் சபை வாசிப்பு. வர்ணம், மோகனம், ஆதி தாளம். இயற்றியவர் ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்கார். மிருதங்கம் என் அத்தை மகன். இரண்டாம் காலத்தில் தாளத் தந்தி ஒன்று சுருதி இறங்கியது கேட்கும், வெட்டாமல் விட்டிருக்கிறேன்."

மண்டபத்துப் புழுக்கத்தில் தந்தி இறங்கியதா, தந்தியை முறுக்கும் பிரடை நழுவியதா என்பதில் குருவுக்கும் ஆச்சிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வயதைச் சேர்க்கச் சொன்னார்கள் சிலர். சேர்க்கவில்லை, முதலில் வர்ணத்தைக் கேட்கட்டும்.