நடுவில் அதிராத பாட்டு: நித்திரைக்கு எதைப் போடுகிறீர்கள்?

மாங்குளத்தான்

பன்னிரண்டு வருடம் கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டினேன். ஓட்டத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. இன்னும் கண்ணை மூடினால் எதிரே வரும் லொறியின் வெளிச்சம்தான் தெரிகிறது. பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்குக் கண் அயரும்.

மகள் போனில் சில தாலாட்டுகளை ஏற்றித் தந்தாள். எல்லாம் பழைய சினிமாப் பாட்டுகள். அதில் ஒன்று மிக மெதுவானது. ஒரு பெண் குரல், பின்னால் கேட்டும் கேட்காத ஒரு புல்லாங்குழல். இரண்டு நிமிடத்தில் எனக்குக் கண் சொருகிவிடும். சரியாக இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் வயலின்கள் ஒரு கூட்டமாக எழும்பும், கூடவே தபேலா. நான் கட்டிலில் எழுந்து குந்திவிடுவேன். வலது கால் பிரேக்கைத் தேடும். மனைவி இப்போது வேறு அறையில் படுக்கிறாள்.

தொடக்கத்தில் எப்படியோ முடிவுவரை அப்படியே போகும் பாட்டு யாரிடமாவது இருக்கிறதா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

முழங்காவில் அம்மா

எங்கள் மகனுக்கும் இதே கதைதான் ஐயா. ஏழு மாதம். ஏணையில் போட்டு நான் வாயால் பாடினால் தூங்குவான். போனில் போட்டால் விழிப்பான். இன்னொன்றும் கவனித்தேன். பாட்டைச் சட்டென்று நிறுத்தினாலும் விழித்துவிடுகிறான். உங்கள் பேரனுக்கு எத்தனை மாதம்?

மாங்குளத்தான்

தங்கச்சி, நித்திரை வராத பிள்ளை நான்தான். வயது 57.

சங்கீத ரீச்சர்

தம்பி, இதற்கு நம் முன்னோர் வழி சொல்லியே வைத்திருக்கிறார்கள். நீலாம்பரி ராகம் கேளுங்கள். தாலாட்டுக்கென்றே பேர்போன ராகம் அது. விளம்ப காலத்தில், நிமிடத்துக்கு அறுபது தட்டு அளவில் பாடியதாக இருந்தால் நல்லது. ஆறுதலாக இருக்கும் ஒருவரின் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அந்த வேகம்தான். ஆனந்தபைரவியும் பொருந்தும். ராகம் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும்.

ஒலிக்கூடத்தான், கிளிநொச்சி

ரீச்சர் மன்னிக்க வேண்டும், கடைசி வசனத்தில் மட்டும் நான் உடன்படவில்லை. கோயில் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்கிறவன் நான். என் கணினியிலேயே ஒரு நீலாம்பரி இருக்கிறது. ஆலாபனை பஞ்சு மாதிரிப் போகும். பிறகு மிருதங்கம் நுழையும். முடிவில் முந்நூறு பேர் கைதட்டுவார்கள். ராகம் என்ன செய்யும் பாவம்?

அண்ணை, உங்களை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல. அது எவ்வளவு உயரம் தாண்டுகிறது, எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறது என்பவைதான் முக்கியம். மழை கூரையில் கொட்டும்போது தூங்குகிறோம். அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால் விழிக்கிறோம். இரண்டில் எது பெரிய சத்தம்?

ஒரு சோதனை சொல்கிறேன், கணினி தேவையில்லை. எல்லோரும் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுத்தான் போனின் சத்தத்தை வைப்பார்கள். தொடக்கமோ மெல்லியது, ஆகவே கூட்டி வைப்போம். அங்கேதான் பிழை. பகலில் ஒருமுறை முழுப் பாட்டையும் கேட்டு, எங்கே மிகப் பெரிதாக ஒலிக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, அந்த இடம் காதுக்கு இதமாக இருக்குமளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். தொடக்கம் அப்போதும் கேட்டால் அது படுக்கைக்கு ஆகும் பாட்டு. கேட்காவிட்டால் அது எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நெடுங்கேணிப் பெடியன்

இவ்வளவு பாடு தேவையில்லை அண்ணை. Audacity இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டைத் திறந்து Normalize போட்டால் முழுவதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நான் என் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஒலிக்கூடத்தான், கிளிநொச்சி

மென்பொருள் சரி தம்பி, கட்டளைதான் வேறு. Normalize முழுப் பாட்டையும் ஒரே அளவில் தூக்கும் அல்லது இறக்கும். பள்ளமும் மேடும் இருந்தபடியே இருக்கும். ஏணியை மேசைமேல் வைத்தாலும் படிகளுக்கிடையிலான தூரம் மாறாது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு அது உதவும், ஒரே பாட்டுக்குள் உதவாது.

அண்ணை, அந்தக் கோப்பை எனக்கு அனுப்பிவிடுங்கள், பார்க்கிறேன்.

ஒட்டுசுட்டான் கமக்காரன்

பாட்டு வேண்டாம், எங்கள் ஊருக்கு வந்து படுத்துப் பாருங்கள். வயல் விளையும் காலத்தில் யானை வந்தால் நடுச்சாமத்தில் வெடி போடுவார்கள். அதற்கு எந்த ராகம்?

பகிடி இருக்கட்டும். வெடிச் சத்தம் கேட்டால் என் மனைவிக்குக் கை நடுங்கும்; ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மேசை மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, அதன் இரைச்சலோடு தம்பூரா சுருதியை மட்டும் போடுகிறோம். வெடி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் வெறும் நிசப்தத்துக்குள் வந்து விழுவதுபோல் இல்லை. தூரத்து வெடிக்கு இப்போது புரண்டு படுக்கிறாள், எழும்புவதில்லை. கிட்ட விழுந்தால் எதுவும் உதவாது.

வற்றாப்பளைக்காரி

எனக்கு அமைதியான தாலாட்டுத்தான் கூடாது. சொல் புரிகிற பாட்டு என்றால் மனம் அதன் பின்னாலேயே போகிறது. அம்மா பாடிய தாலாட்டை யாரோ நன்றாகப் பாடியிருந்தார்கள். சத்தம் எங்குமே உயரவில்லை. விடியும்வரை அழுதேன். இப்போது மொழி தெரியாத பாட்டு, இல்லாவிட்டால் வெறும் வயலின்.

சங்கீத ரீச்சர்

பிள்ளை, அது ராகத்தின் பிழையுமில்லை, ஒலிப்பதிவின் பிழையுமில்லை. நான் வீணை சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒலிக்கூடத்தான், கிளிநொச்சி

வீணையில் ஒரு சிக்கல் இருக்கிறது ரீச்சர். மீட்டும் ஒவ்வொரு தட்டும் சுருக்கென்று தொடங்கும். வில்லால் இழுப்பது, ஊதுவது, வாயால் பாடுவது ஆகியவை மெல்லத் தொடங்கலாம். சின்னப் போன் ஸ்பீக்கரில் அடிநாதம் போய்விடுவதால் மீட்டல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும்.

சங்கீத ரீச்சர்

என் வீணையை நீங்கள் கேட்டதில்லை.

தாதி, வவுனியா

சிறிய குறிப்பு. 2008-இல் ஹங்கேரியில் நித்திரை குறைந்த மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். படுக்கும்போது 45 நிமிடம் அமைதியான இசை, மூன்று வாரம். முன்னேற்றம் ஒரே இரவில் வரவில்லை, வாரம் வாரமாகக் கூடியது. ஆகவே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் பாட்டை மாற்றாதீர்கள். மாங்குளத்து அண்ணா, நீங்கள் குறட்டை விடுகிறீர்களா? குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொன்னால், பகலில் தூங்கி வழிந்தால், பாட்டைத் தேடாமல் முதலில் கிளினிக்கிற்குப் போங்கள்.

ஒலிக்கூடத்தான், கிளிநொச்சி

அண்ணையின் கோப்பைத் திறந்து பார்த்தேன். திரையில் ஒலி அலை மெல்லிய சாரைப்பாம்பு மாதிரிப் போகிறது. 2:40-இல் பாம்பு ஆட்டை விழுங்கியதுபோல் வீங்குகிறது. குரலுக்கும் வயலின் கூட்டத்துக்கும் இடையில் 18 டெசிபல். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும் என்பார்கள், ஆகவே நீங்கள் எழும்பியதில் வியப்பில்லை.

முதலில் சோம்பலில் Compressor போட்டேன். இரண்டு தவறு நடந்தது. பெரிய சத்தத்தை அமுக்கியபின் அது முழுவதையும் தூக்கிவிட்டதால், பாடகியின் மூச்சும் பழைய ஒலிநாடாவின் இரைச்சலும் முன்னுக்கு வந்தன. அடுத்தது, அது சத்தத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் தபேலாவின் முதல் அடி தப்பிவிட்டது. எழுப்புவதே அந்த முதல் அடிதானே.

அதனால் அழித்துவிட்டு Envelope Tool-ஐ எடுத்துக் கையால் செய்தேன். வயலின் எழுவதற்கு ஆறு விநாடி முன்னரே இறக்கத் தொடங்கி, அந்தப் பகுதி முழுவதையும் குரலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, முடிந்தபின் அதேபோல் மெதுவாக ஏற்றினேன். தபேலாவின் கூர்மை அப்படியும் தெரிந்தது. சத்தத்தைக் குறைக்கலாம், குணத்தைக் குறைக்க முடியாது. கடைசியில் அந்த இடையிசையையே வெட்டி, ஒரு சரணத்தின் வாலை அடுத்ததன் தலையோடு எட்டு விநாடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணைத்தேன். பாட்டை எழுதியவர்கள் மன்னிப்பார்களாக.

மாங்குளத்தான்

மூன்று வாரம் முடிந்தது. தம்பி அதை ஐந்து தரம் தொடுத்து, நடுவில் வெறும் குரல் தாலாட்டு இரண்டு சேர்த்து, 45 நிமிடக் கோப்பு ஒன்றாகத் தந்தார். கடைசிப் பத்து நிமிடம் தேய்ந்து தேய்ந்து போகும். முழங்காவில் தங்கச்சி சொன்னதால்தான் அப்படி. முதலில் போனின் நேரக்கணிப்பை வைத்தேன், அது வெட்டென்று நின்றபோது கண் திறந்துவிட்டது. இணையத்தில் நேரடியாகப் போடுவதையும் விட்டுவிட்டேன், நடுவில் விளம்பரக்காரன் கத்துகிறான். போனை விமான நிலையில் வைத்து, தலையணைக்குப் பக்கத்தில் அல்லாமல் அலமாரியின் மேல், சுவரைப் பார்க்க வைக்கிறேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் பன்னிரண்டு மணிக்குத் தூங்கினேன். இப்போது பதினொன்றரை. மூன்று மணிக்கு விழிப்பது மட்டும் மாறவில்லை. அது வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தும் நேரம். தாதித் தங்கச்சி, குறட்டை உண்டு. மூச்சுத் திணறலைப் பற்றி மனைவியிடம் கேட்டேன், வேறு அறையில் படுக்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்கிறாள்.

நேற்று மின்சாரம் போனது. பாட்டு முடிந்து நல்ல நித்திரை, மின்விசிறி நின்றதும் விழித்துவிட்டேன். எந்தச் சத்தமும் இல்லை, இருந்த சத்தம் போனதுதான். இதற்கு யாராவது வழி கண்டீர்களா?

ஒட்டுசுட்டான் கமக்காரன்

பழைய லொறி பற்றரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று வைத்திருக்கிறேன். பஸ் ஓட்டினவருக்குப் பற்றரிக்கா பஞ்சம்?