புதுப்பிப்பு: சென்ட், கிரவுண்டு, ஏக்கரைச் சதுர மீட்டராக்கும் கணக்கு

என் கேள்வி: "பத்திரங்களில் சென்ட், கிரவுண்டு, ஏக்கர் கலந்திருக்கிறது. மனைப் பதிவேட்டில் சதுர மீட்டரில் ஏற்றினால் பட்டாவோடு ஒத்துவரவில்லை. எங்கே தவறு?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. சரியாகப் பிடித்தது ஓய்வுபெற்ற சர்வேயர் அண்ணன்தான். 1 ஏக்கர் 5 சென்டை நான் 1.5 என்று தட்டியிருந்தேன். விரிதாள் அதை ஒன்றரை ஏக்கராக எடுத்து 6070 சதுர மீட்டர் காட்டியது. இப்போது ஏக்கருக்கு ஒரு கட்டம், சென்டுக்கு ஒரு கட்டம்:

```
=(A2*100+B2)*40.4686
```

விடை 4249.20. பட்டாவில் 0.42.50 ஹெக்டேர், அதாவது 4250. இந்தச் சில்லறை வித்தியாசம், 100 சதுர மீட்டர் கொண்ட ஏர்ஸ் அளவில் முழுமையாக்கியதால் வருவது.

ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட் என்று ஒரு தம்பி சொன்னது பேச்சுக்குச் சரி, பதிவேட்டுக்குச் சரிவராது. கிரவுண்டு 2400 சதுர அடி, 222.967 சதுர மீட்டர். ஐந்தரை சென்டோ 2395.8 சதுர அடிதான். 12 கிரவுண்டில் கிட்டத்தட்ட 4.7 சதுர மீட்டர் குறைந்தது.



எதிர்பாராதது ஒன்று. ஒரு பழைய பத்திரத்திலேயே "1.5 ஏக்கர்" என்றுதான் இருக்கிறது, நான்கெல்லை அளவும் இல்லை. அது ஒன்றரை ஏக்கரா, 1 ஏக்கர் 5 சென்டா என்று தெரியாததால் அந்த வரியை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.