குவில்ட் வரைபடம்: கடலும் நிழலும் ஒட்டிக்கொள்கின்றன, என்ன செய்யலாம்?

வணக்கம். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலை மார்கழிக் காலையில் தென்மேற்கிலிருந்து எடுத்த படத்தை வைத்து, 90க்கு 120 செ.மீ. அளவில் ஒரு சுவர் குவில்ட் தைக்கப் போகிறேன். வானம், கடல், மணல், விமானத்தின் வெயில் பக்கம், நிழல் பக்கம் என ஐந்தே பெரிய வடிவங்கள், ஐந்தே பருத்தித் துணிகள். சிற்பம், தளம் எதையும் தனியாக வெட்டவில்லை. அவற்றைக் குவில்டிங் தையலிலேயே காட்டிவிடலாம்.

சிக்கல் இதுதான். துணிகளை அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தால், கடலின் நீலமும் நிழலின் பழுப்பும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. நிறம் வேறுதான், ஆனால் அடர்த்தி ஒன்று. அதனால் விமானத்தின் கீழ்ப்பகுதி கடலில் கரைந்துபோய், மேல்பகுதி மட்டும் வானத்தில் மிதக்கிறது.

கடலுக்கு வெளிர்நீலம் போட்டால் அது வானத்தோடு சேர்ந்துவிடுகிறது. நிழலுக்குக் கரும்பழுப்பு போட்டால் எல்லை தெளிவாகிறது, ஆனால் வெயில் பக்கத்திலிருந்து அது துண்டாகப் பிரிந்து, ஒரே கட்டடமாகத் தெரியவில்லை. ஆறாவது துணி சேர்க்க எனக்கு மனமில்லை.

தொடுவானக் கோட்டைக் கீழே இறக்கி, கடலை மெல்லிய பட்டையாக்கினால் போதுமா? அல்லது கடலுக்கும் நிழலுக்கும் நடுவே மணல் துணியிலேயே அரை செ.மீ. கோடு விடலாமா? அப்படிச் செய்தவர்கள் இருந்தால், தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்லுங்கள். துணியை இன்னும் வெட்டவில்லை.