ஷிம்மர், கிளிட்டர்: ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். கான்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கு எங்கள் கண் மருத்துவமனையில் கொடுக்கும் துண்டறிக்கையைத் தமிழில் திருத்தி எழுதுகிறேன். ஐஷேடோவுக்கு இமைப்பூச்சு, பிக்மென்டுக்கு நிறமி என்று வைத்துவிட்டேன். ஷிம்மர், கிளிட்டர் இரண்டுக்கும் பழைய அறிக்கையில் ‘மினுமினுப்பு’ என்றே இருக்கிறது. ‘மினுமினுப்பைத் தவிர்க்கவும்’ என்று படித்தவர்கள், தங்கள் பெட்டியில் இருப்பதில் பாதியைத் தூக்கிப் போடுவதா என்று கேட்கிறார்கள். சொல் தந்து உதவுங்கள்.

கதிரேசன்:
ஒரே சொல் போதும் அம்மா. இரண்டும் மின்னும், கண்ணில் விழுந்தால் இரண்டும் உறுத்தும். துகள் பெரிதா சிறிதா என்பதுதான் வேறுபாடு. மினுக்கி என்று வைத்து, பெருமினுக்கி, சிறுமினுக்கி என்று பிரிக்கலாம்.

சுகந்தி:
கதிரேசன் அண்ணா, அளவு பற்றிச் சொன்னது சரி. ஆனால் பொருளே வேறு. நான் இமைப்பூச்சு தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஷிம்மர் என்பது காக்காப்பொன் செதில். அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடையோ இரும்பு ஆக்சைடையோ மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். அந்தப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் முத்தின் ஒளிர்வு வருகிறது. பெரும்பாலும் 10 முதல் 60 மைக்ரான் இருக்கும். கிளிட்டர் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளை அறுகோணமாக வெட்டியது. 100 மைக்ரானுக்கு மேல் போகும், முனைகள் கூர்மை. லென்ஸுக்கு அடியில் அப்படி ஒன்று மாட்டினால், இமைக்கும்போதெல்லாம் லென்ஸ் அதைக் கருவிழியில் வைத்துத் தேய்க்கும். கீறல் விழுந்துவிடும்.

கிளிட்டருக்குச் சொல் தேட வேண்டாம், ஜிகினா இருக்கிறது. ஷிம்மருக்கு முத்தொளிர் தூள் என்கிறேன். மினுக்கி வேண்டாம், மேனாமினுக்கி என்ற வசவு உடனே நினைவுக்கு வரும்.

வீட்டிலேயே பிரித்தறியலாம். சிறிது எடுத்துப் புறங்கையில் தேய்த்து விளக்கடியில் பாருங்கள். முத்தொளிர் தூள் சீரான பளபளப்பாகப் பரவும். ஜிகினா தனித்தனிப் புள்ளியாக நிற்கும், விரலால் தள்ளினால் நகரும். அது லென்ஸ் போடுபவருக்கு ஆகாது.

ரேவதி:
நான் தினமும் லென்ஸ் போடுபவள். தங்கை கல்யாணத்தில் மேட் பூச்சுதான் போட்டார்கள், மின்னும் பொருள் எதுவுமே இல்லை. அப்படியும் இரண்டு கண்ணும் சிவந்து உறுத்தியது. டால்க்தான் காரணம் என்றார் பியூட்டிஷியன். டால்க் இல்லாத பேலட் எது நல்லது? அதையும் அறிக்கையில் போடுங்களேன்.

சுகந்தி:
ரேவதி, பேலட்டின் பெயரை இங்கே சொல்ல முடியாது. டால்க் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மேட் பூச்சில் அது நிறையவே இருக்கும், தூளாக உதிரவும் செய்யும். டால்க் இல்லை என்று விற்பதில் காக்காப்பொன்னோ சிலிக்காவோ ஸ்டார்ச்சோ இருக்கும், அதுவும் உதிரும். மேக்கப் முடிந்த பிறகு லென்ஸ் போட்டீர்களா? அப்படியானால் விரலில் ஒட்டிய தூளும் கண்ணுக்குள் போயிருக்கும். கை கழுவி லென்ஸை முதலில் போட்டு, பிறகு பூச்சு. இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் பூச்சைத் துடைக்க வேண்டும். பூசும்போது தூரிகையைத் தட்டிவிட்டு, கண்ணை மூடி, மெல்ல ஒற்றுங்கள். லென்ஸைக் கழற்றியும் உறுத்தல் நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

டால்குக்கு மாக்கல் தூள் எனலாம். கல்சட்டி செய்கிற மாக்கல்லில் இருப்பதும் டால்க்தான்.

மலர்விழி:
ஜிகினாவை ஏற்றுக்கொள்கிறேன், நோயாளிகளுக்கு விளக்கமே தேவைப்படாது. மாக்கல் தூள் தனியாக நின்றால் புரியாது, முதல் இடத்தில் டால்க் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அப்புறம், ‘ஐ சேஃப் கலர்’ என்பதற்கு என்ன வைப்பது?

கதிரேசன்:
கண்ணேற்பு நிறம்? வெளிர் நிறங்கள் எல்லாம் இதில் அடங்கும் என்று நினைக்கிறேன்.

சுகந்தி:
கண்ணேறு என்று வாசித்துவிடுவார்கள் அண்ணா. வெளிர், அடர் என்பதும் கணக்கில்லை. எந்த நிறமி என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் கண்ணைச் சுற்றிப் பூசும் நிறமிக்குத் தனி அனுமதி வேண்டும். இரும்பு ஆக்சைடின் பழுப்பும் கருப்பும், அல்ட்ராமரைன் நீலமும், மாங்கனீசு ஊதாவும் அந்தப் பட்டியலில் உண்டு. உதட்டுச்சாயத்துக்கு அனுமதித்த சில சிவப்புகள் அதில் இல்லை. அதனால்தான் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, நியான் நிறங்கள் சிலவற்றின் பெட்டியில் ‘கண் பகுதிக்கு அல்ல’ என்ற எச்சரிக்கை இருக்கும். ஒரே தட்டில் இரண்டு குழிக்கு மட்டும்கூட அப்படி இருக்கலாம், பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ‘கண் பகுதிக்கு அனுமதித்த நிறமி’ என்று நீளமாகவே எழுதுங்கள்.

கதிரேசன்:
நீளம் அதிகம். கண்ணொவ்வு நிறமி என்று சுருக்கலாம். பூசும்போது கன்னத்தில் கொட்டுகிற ஃபால்அவுட்டுக்கு உதிர்தூள் எப்படி?

மலர்விழி:
உதிர்தூளை டப்பாவில் வரும் லூஸ் பவுடர் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். கண்ணொவ்வு பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள். அதுவரை நீளமான வடிவத்தையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.