வரி எண்ணிக்கை சரி, ஆனால் பாம்பனைக் காணோம்: தரவு வெளியிடும் முன் மாட்டியது பற்றிச் சொல்லுங்கள்

மண்டபத்தான்:
ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி இறங்குதளங்களில் பதியும் ஏல விவரத்தைச் சேர்த்து, வியாபாரிகள் போனில் பார்க்கிற பட்டியலாக வெளியிடும் இடத்தில் இருக்கிறேன். 2024 ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மண்டபம் ஃபைல் இரண்டு தடவை ஏறிவிட்டது, பாம்பன் ஃபைல் வரவே இல்லை. செவ்வாய்க்கு வழக்கமாக 640 வரி வரும், அன்றைக்கு 645. இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரி என்பதால் மொத்தம் அப்படியே நின்றது. தளவாரியாகவும் எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்று இருந்ததால்தான் மண்டபம் இரட்டிப்பு என்று நிறுத்தியது. உங்கள் இடத்தில் எது நிறுத்தியது, எது விட்டுவிட்டது?

கணக்கு_மாமா:
தம்பி, ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. நேற்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் குறைந்தால் நிறுத்து. டூப்ளிகேட் வரியைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

தொண்டி அக்கா:
டூப்ளிகேட் சரி மாமா, ஆனால் நேற்றோடு ஒப்பிடுவது நம்ம கரைக்கு ஒத்துவராது. விசைப்படகு திங்கள், புதன், சனி போகிறது, மறுநாள் கரை வருகிறது. அப்போ செவ்வாய் ஏறும், புதன் விழும், வியாழன் மறுபடி ஏறும். தினமும் அலாரம் அடித்தால் பையன்கள் பார்க்காமலே ஓகே போட்டுவிடுவார்கள். போன நாலு செவ்வாயோடு ஒப்பிட்டால் ஓரளவு நிற்கும். அதுவும் தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்கு அப்புறம் சில வாரம் உதவாது, ஏனென்றால் முந்தின 61 நாளும் விசைப்படகு கட்டிக் கிடக்கும். நாங்கள் பழைய கணக்கை விட்டுவிட்டு, முந்தின நாள் எத்தனை படகுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தார்கள் என்பதோடு பொருத்துகிறோம். 90 டோக்கன் போயிருக்க 30 படகு மட்டும் பதிவில் இருந்தால் ஃபைல் பாதியில் அறுந்திருக்கிறது. புயல் எச்சரிக்கையில் டோக்கனே கொடுக்காவிட்டால் மறுநாள் சும்மா அலாரமும் வராது. வல்லத்துக்கு இந்த வழி கைகொடுக்காது, அதைத் தனியாகத்தான் பார்க்கணும்.

மண்டபத்தான் தம்பி, ஒரு சந்தேகம். வெறும் `GROUP BY` போட்டால் மண்டபம் இரட்டிப்பு தெரியும், வராத பாம்பன் பதிலிலேயே இருக்காதே? இல்லாத வரியை அது எப்படி எண்ணும்?

மண்டபத்தான்:
ஆமாம் அக்கா. தளங்களின் பட்டியலில் இருந்து ஆரம்பிக்கிறோம்:

```sql
SELECT c.centre, COUNT(s.centre) AS n
FROM centres c
LEFT JOIN staging s
  ON s.centre = c.centre
 AND s.day = '2024-07-09'
GROUP BY c.centre;
```

தேதியை `WHERE`-இல் போட்டால் பாம்பன் மறுபடி காணாமல் போகும். `COUNT(*)` போட்டால் ஒன்றுமே வராத ஊருக்கும் 1 என்று காட்டும். இரண்டுமே பார்வைக்குச் சரியாகத் தெரியும் என்பதுதான் தொல்லை.

பாசி_படகு:
என் கதை வேறு. பாசி வளர்க்கிற மிதவைகளின் இடத்தை வரைபடத்தில் ஏற்றினோம், மண்டபம் பக்கம் ஒரு புள்ளி கூட இல்லை. தேடினால் எல்லாம் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்கே கடலில் கிடக்கிறது! 9.28, 79.1 என்பது தலைகீழாக ஏறியிருக்கிறது. வரம்பு சோதனை இருந்தது, ஆனால் அகலாங்கு -90 முதல் 90 வரை என்று போட்டிருந்தார்கள், 79 அதற்குள் அடங்கிவிடுகிறதே. இப்போது 9 முதல் 10, 78 முதல் 79.6 என்று நம்ம மாவட்டத்துக்குச் சுருக்கிவிட்டோம்.

கணக்கு_மாமா:
சரி, எடை காலியாக வந்தால்? 5 சதவீதத்துக்கு மேல் காலி என்றால் நிறுத்தலாமா?

தொண்டி அக்கா:
மேல் எல்லை மட்டும் போதாது மாமா. கம்பெனிக்கு நேராகப் போகிற சரக்குக்கு ஏலம் இல்லை, அதனால் எங்களுக்கு விலை தினமும் கொஞ்சம் காலியாகத்தான் வரும். ஒருநாள் காலி விகிதம் திடீரென்று பூஜ்யம் ஆனது. எல்லாரும் நல்ல தரவு என்று நினைத்தார்கள், ஆனால் ஏற்றுகிற புரோகிராம் காலிக்கட்டத்தை எல்லாம் 0 என்று நிரப்பியிருந்தது. நண்டு கிலோ 0 ரூபாய் என்று போயிருந்தால் போன் அடித்தே கொன்றிருப்பார்கள். கீழ் எல்லையும் வேண்டும், விலை 0-வை விட அதிகம் என்ற சோதனையும் வேண்டும்.

பாசி_படகு:
சோதனை தோற்றால் என்ன செய்கிறீர்கள்? மொத்தத்தையும் நிறுத்துவதா, பாம்பனை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் போடுவதா?

மண்டபத்தான்:
அதில்தான் எங்களுக்குள் சண்டை. நான் பாம்பனுக்கு நேற்றைய பட்டியலை நேற்றைய தேதியோடே வைக்கலாம் என்கிறேன். தேதியை யாரும் பார்ப்பதில்லை, பழைய விலையில் சரக்கு எடுத்துவிடுவார்கள் என்கிறார் எங்கள் மேனேஜர். இப்போதைக்கு அந்த ஊர் கட்டத்தைக் காலியாக விடுகிறோம், அதற்கும் திட்டு வருகிறது. அக்கா, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?