மகளின் படிப்புக்குப் பவுண் சேர்த்து, பிறகு விற்றவர்கள் இருக்கிறீர்களா?

உவர்மலைத் தகப்பன்

எங்களுக்கு மகள் பிறந்து மூன்று மாதம். துடக்குக் கழிவு அன்று சொந்தக்காரர் போட்ட மோதிரம், காப்பு, பஞ்சாயுதம், ஒரு சின்னச் சங்கிலி எல்லாம் சேர்த்தால் இரண்டரைப் பவுண் அளவில் வரும். நான் ஆசிரியர், மனைவி தாதி. மாதம் 20,000 ரூபா அவளுக்கென்று ஒதுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்றைய விலைக்கு அது வருடத்துக்கு அரைப் பவுணும் கொஞ்சமும்தான். பதினெட்டு வருடம் இப்படியே வாங்கிவிட்டு, அவள் கம்பஸ் போகும்போது விற்பது திட்டம்.

நகையாக வாங்கினால் பிள்ளை போட்டுக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. எனக்குத் தங்கக் காசாக வாங்கி வைக்க விருப்பம். தங்கம் சேர்த்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நான் கேட்பது, சேர்த்ததை உண்மையில் விற்றவர்களை. கடையில் கொண்டுபோய் வைத்தபோது கைக்கு எவ்வளவு வந்தது?

தம்பலகாமத்து அக்கா

தம்பி, நான் விற்றவள். என் மகள் 2005இல் பிறந்தவள். எங்களுக்கு வயல். பெரும்போகம் வெட்டி நெல் விற்றதும் கொஞ்சம், சிறுபோகம் விளைந்த வருடங்களில் இன்னும் கொஞ்சம் என்று வாங்கி வந்தேன். ஆரம்பத்தில் நானும் நகைதான் வாங்கினேன். பிறகுதான் காசுக்கு மாறினேன். 2023 உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில்தானே நடந்தது, அதில் அவளுக்கு இசட் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டது. கொழும்பில் தனியார் பட்டப்படிப்புக்குச் சேர்க்க வேண்டி வந்தது. அப்போது ஒரு கல் அட்டியலையும் மூன்று பவுண் காசையும் ஒரே நாளில் ஒரே கடைக்குக் கொண்டுபோனேன். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

அட்டியல் 2009இல் வாங்கியது. பில் கையில் இருந்தது. நிறை 24 கிராம், அதற்கு மேல் சேதாரம் 2.4 கிராம், செய்கூலி வேறு. அதாவது கூலியை விட்டாலும் 26.4 கிராமுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் கல்லைக் கழற்ற வேண்டும் என்றார். தட்டார் ஊசி மாதிரி ஒரு சின்ன உளியால் ஒவ்வொரு கல்லாகக் கிளப்பினார். சிவப்புக் கல்லுக்கு அடியில் கறுப்பாக அரக்கு. அதையும் சூடு காட்டி எடுத்துத் தட்டில் போட்டார். கல்லும் அரக்கும் தேய்மானமும் போகத் தராசில் நின்றது 22 கிராம். அதை உருக்கிப் பார்த்தால் 20 கரட். 22 கரட் கணக்குக்குக் கொண்டுவந்தால் 20 கிராம்தான். 26.4 கிராமுக்குக் கொடுத்த இடத்தில் 20 கிராம். நூற்றுக்கு இருபத்துநான்கு போய்விட்டது.

மூன்று காசையும் வைத்தார்கள். 24 கிராம், மெஷினில் 22 கரட் காட்டியது, அவ்வளவுதான். வாங்கும்போது காசுக்கு ஒரு சின்னக் கூலி மட்டும் கொடுத்திருந்தேன். கடை விற்கிற விலைக்கும் வாங்குகிற விலைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கழிந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009 விலைக்கும் 2024 விலைக்கும் அவ்வளவு தூரம் இருந்ததால் அட்டியலும் எனக்கு லாபம்தான். அதனால்தான் நகை வாங்கி விற்ற பலருக்கு அந்தக் கால் பங்கு போனதே தெரியாது.

கன்னியா அம்மம்மா

மகனே, பெண் பிள்ளைக்கு நகை சேர்ப்பது நல்ல காரியம். காசாக வைத்தால் கல்யாண வீட்டில் எதைப் போடுவது? ஒரு பதக்கச் சங்கிலியும் இரண்டு சோடி காப்பும் இப்போதே செய்து வையுங்கோ. எங்கள் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சேர்த்தோம், மூன்று பேரையும் குறை இல்லாமல் அனுப்பினோம்.

உவர்மலைத் தகப்பன்

அம்மா, இது சீதனத்துக்கு இல்லை, படிப்புக்கு. பிள்ளைக்குப் போட்டவற்றைத் தொடமாட்டோம், அவை அவளுடையவை. அதற்கு மேல் வாங்குவதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கன்னியா அம்மம்மா

சரி மகனே, விளங்கியது. ஆனாலும் படிப்புக்கென்று வைத்த பவுணைக் கல்யாணம் பேசும்போது சபையில் எண்ணுவார்கள். அதை இப்போதே உங்கள் இரண்டு பக்கத்தாரிடமும் சொல்லி வையுங்கோ.

நிலாவெளி அண்ணன்

தங்கம் இறங்காது தம்பி, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். 2022இல் நான் கண்ணால் கண்டது. மார்ச் மாதம் தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் பவுண் விலை ஒன்றரை மடங்குக்குக் கிட்ட ஏறியது. வங்கியில் ரூபா வைத்திருந்தவன் அழுதான், பவுண் வைத்திருந்தவன் தப்பினான். எல்லாவற்றையும் தங்கத்திலேயே போடுங்கள். வங்கிப் பக்கமே போகத் தேவையில்லை.

தட்டார் வீட்டுப் பிள்ளை

அண்ணா, நீங்கள் கண்டது உண்மை, காரணம் வேறு. அந்த வருடம் உலக சந்தையில் தங்கம் பெரிதாக ஏறவில்லை. இருநூறு சொச்சமாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போனது. விழுந்தது நமது ரூபா. தங்கம் இறங்கவும் செய்யும். 2011இல் அவுன்ஸ் 1,900 டொலர் வரை போனது, 2015 கடைசியில் 1,050 அளவுக்கு வந்துவிட்டது. அந்த வருடங்களில் அப்பாவின் பட்டறையில் வேலையே இல்லை. வீட்டில் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளை 2015இல் பதினெட்டு வயதாகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அக்காவின் அட்டியல் ஏன் 20 கரட் காட்டியது என்று சிலர் சந்தேகப்படலாம். கடை ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. கல் வைத்த நகையில் நூறு இடத்தில் பற்று வைக்க வேண்டும். பற்றாசு தங்கத்தை விட முதலில் உருக வேண்டும் என்பதால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும். தகடு 22 கரட்டாகவே இருந்தாலும், முழுவதையும் உருக்கினால் பற்றாசும் சேர்ந்து கரட்டைக் கீழே இழுக்கும். உரைகல்லில் மேல்பக்கத்தை உரசினால் இது தெரியாது. உருக்கினால்தான் தெரியும்.

பிள்ளைக்கு வளர வளரக் காப்பு சின்னதாகும், மாற்றிச் செய்வீர்கள். ஒவ்வொரு முறையும் கூலி, சேதாரம், பற்று. ஐந்து முறை மாற்றினால் ஐந்து முறை தேயும். போட்டுப் பார்க்க ஆசை என்றால் கல் இல்லாத ஒரு சோடி காப்பு போதும். மிச்சத்தைக் காசாக வாங்குங்கள். அதிலும் ஒரு கிராம் காசாக மாதா மாதம் வாங்காதீர்கள். கூலி காசுக்கு இவ்வளவு என்று வருவதால் சின்னக் காசில் அது பெரிய பங்காகிவிடும். சில மாதம் பொறுத்து நான்கு கிராமாக எடுங்கள்.

மூதூர்த் தங்கச்சி

அண்ணா, கடைகளில் மாதக் காட் பிடிக்கிறார்களே, அதில் சேர முன்னர் ஒன்றைப் பாருங்கள். 2021இல் நான் சேர்ந்தேன். மாதம் 12,000, பத்து மாதம். முடியும்போது ஒரு பவுண் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். சேரும்போது அந்த விலைதான். காட்டில் மாதா மாதம் ரூபாவை மட்டும் எழுதினார்கள். முடிந்தது 2022 நடுப்பகுதியில். பவுண் 175,000 என்றார்கள். என் 120,000 ரூபாவுக்கு ஐந்தரைக் கிராம்தான் வந்தது. அதுவும் நகையாகத்தான் எடுக்க வேண்டும், தங்கக் காசு தரமாட்டோம் என்றார்கள். என் மச்சாள் வேறு கடையில் சேர்ந்திருந்தாள். அங்கே கட்டுகிற அன்றைய விலைக்கு எத்தனை கிராம் என்று காட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஏழு கிராமுக்கு மேல் வந்தது. காட் என்றால் அது கிராமில் எழுதுகிற காட்டா என்று முதலில் கேளுங்கள்.

தட்டார் வீட்டுப் பிள்ளை

கிராமில் எழுதினாலும் அது கடைக்காரரின் கையில் இருக்கிற உங்கள் தங்கம். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ கடை பூட்டும். வருடத்துக்கொருமுறை காசாக எடுத்துக் கையில் வாங்கக்கூடிய கடை என்றால் பரவாயில்லை.

திருக்கடலூரான்

நான் என் கதையைச் சொல்கிறேன். 2004 மார்கழி 26இல் எங்கள் வீட்டில் அலுமாரியோடு போனது மனைவியின் ஏழு பவுண். அலை வற்றிய பிறகு மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்தோம், ஒரு தோடு கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் வைப்பதில்லை. வங்கியில் லொக்கர் எடுத்தால் கணவன் மனைவி இரண்டு பேருடைய பெயரிலும் எடுங்கள்.

அடுத்தது, மகளுக்கென்று சேர்த்த நான்கு பவுணை 2012இல் படகு எஞ்சினுக்காக அடைவு வைத்தேன். அப்போது பவுண் விலை உச்சம், நிறையக் காசு தந்தார்கள். ஒரு வருடத்தில் விலை இறங்கியது, வட்டி ஏறியது. மீட்கப் போனால் கட்ட வேண்டிய தொகை நகையின் பெறுமதியை விடக் கூட. மீட்காமல் விட்டேன், ஏலத்தில் போனது. மகள் இப்போது ஆசிரியர் கலாசாலையில் படிக்கிறாள், அந்த நான்கு பவுணைப் பற்றி அவளிடம் நான் சொன்னதில்லை. தங்கக் காசு கையில் இருந்தால் அடைவு வைக்கத் தோன்றும் தம்பி. கடும் அவசரம் என்றால் ஒரு பகுதியை விற்றுவிடுங்கள், அடைவு வேண்டாம்.

நிலாவெளி அண்ணன்

விற்றால் திரும்ப வாங்க முடியாது. அடைவுதான் நல்லது, வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்ட வேண்டும். நான் இரண்டு முறை மீட்டிருக்கிறேன்.

தம்பலகாமத்து அக்கா

நிலாவெளி அண்ணனுக்கு மாத வருமானம் இருந்திருக்கும். கடலுக்குப் போகிறவருக்கும் வயல் செய்கிறவருக்கும் வட்டி மாதா மாதம் கட்டுவது சுலபம் இல்லை.

தம்பி, எனக்கு இப்போதும் மனம் ஆறாதது வேறு ஒன்று. நான் எல்லாவற்றையும் கடைசி வரை தங்கமாகவே வைத்திருந்தேன். விலை நல்லதாக அமைந்தது, அது என் கெட்டித்தனம் இல்லை. திரும்பவும் செய்வதென்றால், பிள்ளை ஓ.எல். எழுதியதிலிருந்து வருடத்துக்குக் கால் பங்காக விற்று நிலையான வைப்பில் போடுவேன். அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, போக்குவரத்தும் தங்குமிடச் செலவும்தான். அந்த ரூபாச் செலவுக்கு ரூபா வைப்பே போதும். வெளிநாடு என்றால் மட்டும் தங்கத்தைக் கடைசி வரை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் செலவும் டொலரோடு ஏறும்.

தட்டார் வீட்டுப் பிள்ளை

அதில் நான் முழுதாக ஒத்துப்போகமாட்டேன் அக்கா. 2022இன் தொடக்கத்தில் வைப்புக்கு மாற்றியவர்களை யோசித்துப் பாருங்கள். பாதியை மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்ற எனக்குத் தைரியம் வராது.

உவர்மலைத் தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. மனைவியோடு இருந்து வாசித்தேன். அக்காவின் அட்டியல் கணக்கை அவளே பேப்பரில் போட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குக் கல் இல்லாத ஒரு சோடி காப்பு, மிச்சமெல்லாம் நான்கு கிராம் காசு என்று முடிவு. கடைசி வருடங்களில் வைப்பா தங்கமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அதற்கு நேரம் இருக்கிறது.

இன்று பின்னேரம் டவுனில் இரண்டு கடைக்குப் போனேன். காசைத் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன். முதல் கடையில், அப்போதைய நிலைமையைப் பார்த்துச் சொல்வோம் என்றார்கள். இரண்டாவது கடையில் இருந்த பெரியவர் பில் புத்தகத்தை எடுத்து, நிறையும் கரட்டும் எழுதி, கீழே தன் கையாலேயே ‘அன்றைய கொள்வனவு விலைக்கு, கழிவு இல்லாமல்’ என்று எழுதி ஒப்பம் வைத்தார். முதலாவது நான்கு கிராமை அங்கேயே வாங்கிவிட்டேன்.